கட்டமா, கேள்விக்குறியா? உடைந்து வந்த தமிழுக்குப் பதில் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனுப்பியவர் திரையில் தமிழ் அழகாக இருக்கிறது. வாங்கியவர் திரையில் ▯▯▯▯ என்று கட்டங்கள், அல்லது ????? என்று கேள்விக்குறிகள். உடனே "படிக்க முடியல, திரும்ப அனுப்புங்க" என்று ஒரு பதில் போகும். அங்கிருந்து அதே கோப்பு அதே வழியில் மறுபடி வரும். நாலு முறை இப்படிப் போய்வந்த பிறகு, நல்ல நிலையில் இருந்த ஒரே பிரதியையும் யாராவது அழித்திருப்பார்கள். புதிதாகத் தமிழில் மடல், பட்டியல், சுற்றறிக்கை எல்லாம் கையாள வருகிறவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் வரிசையாக விழுகிறார்கள்.

கட்டத்தையும் கேள்விக்குறியையும் ஒன்றாக நினைப்பது

கட்டம் தெரிந்தால் எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை வரைந்து காட்டும் எழுத்துரு மட்டும் உங்கள் கணினியிலோ அந்தச் செயலியிலோ இல்லை. அந்தக் கட்டங்களை அப்படியே நகலெடுத்துப் பிரவுசரின் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே தமிழாகத் தெரியும். தெரிந்தால் அனுப்பியவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா என்ற எழுத்துரு (பட்டியலில் Nirmala UI) கூடவே வருகிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோப்பு லதா எழுத்துருவைக் கேட்கிறது என்றால், விண்டோஸ் 10-இல் Optional features பட்டியலில் Tamil Supplemental Fonts என்பதை நிறுவ வேண்டும்.

கேள்விக்குறி வேறு கதை. எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். தமிழ் எழுத்துக்கு இடமே இல்லாத ஒரு பழைய குறியாக்கத்துக்குள் யாரோ, ஏதோ ஒரு மென்பொருள், தமிழைத் திணித்திருக்கிறது. இடம் கிடைக்காத ஒவ்வொரு எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ? என்று எழுதிவிட்டது. அது நிஜமான கேள்விக்குறி, அதன் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. "வேலன்" என்ற பெயரில் வ, ஏகாரக் குறி, ல, ன, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். எனவே ?????. "சேகர்" என்றாலும் அதே ?????. "ராஜன்" என்றாலும் அதே. மூன்று பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். எந்த மென்பொருளாலும் பிரித்துத் தர முடியாது.

கேள்விக்குறிக்கு எழுத்துரு மாற்றிப் பார்ப்பது

வேண்டாம். நேரம்தான் போகும்.

சிஎஸ்வி கோப்பைத் திருத்தி, பதிலோடு இணைத்துத் திருப்பி அனுப்புவது

அதிக இழப்பு தருவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும் இதுதான்.

ஒரு கோயில் திருப்பணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நன்கொடை தந்த 340 பேரின் பட்டியல், பெயரும் ஊரும் தமிழில், தொகை எண்ணில். எழுதியவர் அதை சிஎஸ்வி கோப்பாகக் கணக்குப் பார்ப்பவருக்கு அனுப்புகிறார். அவர் விவரம் தெரிந்தவர். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செலில் à®®à¯ என்று கொட்டுகிறது என்பதால், Data பட்டியில் From Text/CSV வழியாக உள்ளே எடுத்து, File Origin பெட்டியில், தமிழுக்கும் இடமுள்ள குறியாக்கமான 65001: Unicode (UTF-8) என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். தமிழ் சரியாக வருகிறது. மூன்று தொகைகளைத் திருத்துகிறார். இதுவரை ஒரு பிழையும் இல்லை.

சேமிக்கும் இடத்தில்தான் கத்தி. எக்செல் காட்டும் கோப்பு வகைகளில் CSV UTF-8 (Comma delimited) என்று ஒன்றும் CSV (Comma delimited) என்று இன்னொன்றும் இருக்கின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கண் ஏமாறுகிறது. இரண்டாவது வகை, அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தில் எழுதும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கத்திய எழுத்துகளுக்கான Windows-1252. அதில் தமிழுக்கு ஒரு இடம்கூட இல்லை. 340 பெயரும் 340 ஊரும் அந்த நொடியில் கேள்விக்குறி ஆகின்றன.

எரிச்சல் தருவது அடுத்த விஷயம். சேமித்த பிறகும் எக்செல் திரையில் தமிழ் அப்படியே நிற்கும். திரையில் இருப்பது நினைவகத்தில் உள்ள பிரதி, வட்டில் எழுதப்பட்டது வேறு. அதனால் அவர் திருப்தியோடு மூடிவிட்டு, கோப்பை இணைத்து, "அண்ணே, மூணு தொகை திருத்தியாச்சு, இனி இதையே வச்சுக்குங்க" என்று பதில் போடுகிறார். வாங்கியவர் திறந்துகூடப் பார்க்காமல் பழைய கோப்பின் மேலேயே இதைச் சேமிக்கிறார், பெயர் ஒன்றுதானே. ரசீது அச்சடிக்கும் நாளில்தான் கதை வெளிவரும்.

இதைப் பிடிக்க மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, எக்செலை மூடுவதற்கு முன்பே, சேமித்த சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பது. கேள்விக்குறி தெரிந்தால் பதற வேண்டாம், எக்செல் இன்னும் திறந்திருக்கிறது. F12 அழுத்தி .xlsx ஆகச் சேமித்துவிட்டால் எதுவும் போகவில்லை. மூடியிருந்தால் இந்த வழியும் மூடிவிட்டது.

இரண்டாவது, கோப்பின் அளவு. UTF-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் பிடிக்கும், கேள்விக்குறிக்கு 1 பைட். வரிக்குச் சுமார் 14 தமிழ்க் குறியீடு, 10 மற்ற எழுத்து என்று வைத்தால் நம் பட்டியல் ஏறக்குறைய 18 கேபி இருக்க வேண்டும். திரும்பி வந்தது 8 கேபி என்றால் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது. மூன்று எண்ணைத் திருத்தியதற்குக் கோப்பு பாதியாகக் குறையாது.

மூன்றாவது, பவர்ஷெல்லில் ஒரே கட்டளை:

```
Format-Hex .\list.csv
```

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் E0 AE, E0 AF என்று மாறி மாறி வந்தால் உயிர் இருக்கிறது. 3F 3F 3F என்று ஓடினால் அது வெறும் கேள்விக்குறி.

பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார்கள் என்றால் மூலத்தைத் தேட வேண்டிய இடம், முதலில் அனுப்பியவரின் Sent பெட்டி. அந்த மடலோடு போன இணைப்பு மாறாமல் அங்கேயே கிடக்கும். இதற்காகவே, பட்டியல் அனுப்பிய மடல்களை "இடம் அடைக்குது" என்று அழிக்காதீர்கள். இன்னொன்று: மறுமுனையில் ஏதோ இணையதளம் சிஎஸ்விதான் வேண்டும் என்று அடம்பிடித்தாலொழிய, ஆளுக்கு ஆள் அனுப்ப .xlsx போதும். அதன் உள்ளே யூனிகோடாகவே எழுதப்படுவதால் இந்தக் கத்தியே கிடையாது.

மடலின் மூலத்தைப் பார்க்காமல் "திரும்ப அனுப்புங்க" என்பது

மடலின் உடலிலேயே கேள்விக்குறி வந்தால், உடைந்தது அவர் பக்கமா உங்கள் பக்கமா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஜிமெயிலில் மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் Show original உண்டு. அங்கே தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் =E0=AE என்று தொடர்ந்து வந்தால் எழுத்து முழுசாக வந்திருக்கிறது, காட்டுவதில்தான் கோளாறு. இப்படி அல்லாமல் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த மூட்டையாக இருந்தால் அது base64, பைட்டுகளை ஆங்கில எழுத்துகளாகக் கட்டி அனுப்பும் முறை. அப்போது தமிழில் தொடங்கும் மடலின் முதல் சொல்லைப் பாருங்கள். "தமிழ்" என்பது இப்படி இருக்கும்:

```
4K6k4K6u4K6/4K604K+N
```

4K6, 4K+ என்று மாறி மாறி வருவது தமிழின் தடம். ஓர் இடைவெளி வந்ததும் உருவம் நகர்ந்துவிடும், அதனால் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். அதே இடத்தில் Pz8/Pz8/ என்று இருந்தால் அது ?????? என்பதன் மூட்டை. அவர் பக்கத்திலிருந்து கிளம்பும்போதோ வழியிலோ செத்துவிட்டது, நீங்கள் எதைத் தட்டினாலும் வராது.

தமிழிலேயே பதில் எழுதுவது

தமிழ் போக்குவரத்து உடைந்திருக்கும் நேரத்தில் "கேள்விக்குறியாக வந்திருக்கிறது" என்று தமிழில் எழுதினால், அதுவும் அங்கே கேள்விக்குறியாகப் போய்ச் சேரலாம். சில பழைய மடல் செயலிகள், வந்த மடல் எந்தக் குறியாக்கத்தில் இருந்ததோ அதிலேயே பதிலையும் அனுப்பப் பார்க்கும். வந்ததே மேற்கத்தியக் குறியாக்கம் என்றால் உங்கள் தமிழுக்கும் அதே கதி. எனவே Reply அழுத்தாமல் புது மடல் திறந்து, ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். "Tamil ellam kelvikkuri-ya vandhirukku" என்றாலும் போதும். உங்கள் திரையைப் படம்பிடித்து இணையுங்கள், ஏனென்றால் கட்டம் என்று நீங்கள் சொல்வதும் அவர் நினைப்பதும் ஒன்றாக இருக்காது.

பிறகு அவரிடம் "தமிழ்" என்ற ஒரே சொல்லை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேரும் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். 5 வந்தால், யூனிகோடாக இருந்த எழுத்தை யாரோ பழைய குறியாக்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அவர் சேமித்த அல்லது அனுப்பிய அமைப்பைப் பார்க்க வேண்டும். 15 வந்தால், UTF-8 பைட்டுகள் சரியாகவே கிளம்பியிருக்கின்றன, நடுவில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு பைட்டையும் ஒரு கேள்விக்குறியாக மாற்றியிருக்கிறது. அப்போது அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறு வழியாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

à®¤à®®à®¿à®´à¯ என்று வந்ததைத் திரையிலிருந்து நகலெடுத்து அனுப்புவது

இது செத்த எழுத்து அல்ல. UTF-8 தமிழை Windows-1252 என்று நினைத்துப் படித்ததால் வரும் குளறுபடி. மூலக் கோப்பை UTF-8 என்று சொல்லித் திறந்தாலே சரியாகிவிடும். ஆனால் திரையில் தெரிவதை நகலெடுத்து "இதைச் சரிசெய்து கொடுங்க" என்று அனுப்பினால் பாதி போய்விடும். புள்ளியின் கடைசி பைட் 8D, உகரக் குறியின் கடைசி பைட் 81. இரண்டுக்கும் Windows-1252-இல் எழுத்தே கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அவை நகலெடுத்து ஒட்டும்போது உதிரக்கூடும். மீட்டெடுத்தால் புள்ளியும் உகரமும் இருந்த இடங்களில் ஓட்டை இருக்கும். ஏ, ஐ இரண்டுக்கும் இதே ஆபத்து. கோப்பையே அனுப்புங்கள்.

jkpo; என்று வந்தால் உடைந்தது என்று நினைப்பது

உடையவில்லை, பாமினி எழுத்துருவில் அடித்த "தமிழ்" அது. மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும்.