கம்பளி பேஸ் லேயர்: ஜிஎஸ்எம் எண்ணைப் பார்த்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோலை ஒட்டி எல்லாவற்றுக்கும் உள்ளே போடும் உடைதான் பேஸ் லேயர். மெரினோ கம்பளி பேஸ் லேயரின் அட்டையில் 150, 200, 260 என்று ஓர் எண் இருக்கும். அந்தத் துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதைச் சொல்லும் ஜிஎஸ்எம் கணக்கு அது. பொதுவாக 120 முதல் 150 வரை மெல்லியது, 160 முதல் 200 வரை நடுத்தரம், 230-க்கு மேல் கனமானது. எல்லைகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் நகரும்.

குளிரை மட்டும் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுப்பது

போகிற இடத்தில் பூஜ்ஜியம் டிகிரி என்று கேட்டதும் 260-ஐ எடுப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. வெளியே எவ்வளவு குளிர் என்பதைவிட, அந்தக் குளிரில் உடம்பு என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறது. முதுகில் பையோடு செங்குத்தான ஏற்றம் ஏறும்போது அதுவே 500 வாட்டைத் தாண்டும். ஒரே சட்டை இந்த இரண்டு நிலைக்கும் பொருந்தாது.

ஒரு மலையேற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிவாரத்தில் 0 டிகிரி. 12 கிலோ பையோடு மூன்று மணி நேர ஏற்றம். உச்சியில் காற்றோடு மைனஸ் 5 டிகிரி, அங்கே அரை மணி நேரம் நிற்க வேண்டும். நடுத்தர அளவு முழுக்கைச் சட்டைக்குத் தோராயமாக 1.3 சதுர மீட்டர் துணி ஆகும். அப்படியானால் 150 ஜிஎஸ்எம் சட்டை ஏறக்குறைய 200 கிராம், 260 ஜிஎஸ்எம் சட்டை 340 கிராம்.

கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மெல்லிய சட்டைக்கு அது சுமார் 65 கிராம், கனமானதற்கு 110 கிராம். இதைக் கேட்டால் கனமானதே மேல் என்று தோன்றும். ஆனால் இப்படிப்பட்ட ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டர் வியர்வை வருவது சகஜம். இரண்டு சட்டையின் கொள்ளளவும் சீக்கிரமே நிரம்பிவிடும். அதற்கு மேல் வரும் தண்ணீர் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் தங்கும். தடித்த துணியில் அப்படித் தங்க இடம் அதிகம். போதாததற்கு, கூடுதல் சூட்டால் வியர்வையும் அதிகம் வரும்.

உச்சிக்குப் போய் நின்றதும் இதற்கான விலை தெரியும். கனமான சட்டை கூடுதலாக 100 கிராம் தண்ணீரைச் சுமந்து வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஆவியாக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அசையாமல் நிற்கும் உடல் 40 நிமிடத்தில் உண்டாக்கும் மொத்த வெப்பமும் அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்துதான் போகும். "இவ்வளவு கனமாகப் போட்டும் நடுங்குகிறேனே" என்று சொல்பவருக்கு நடப்பது இதுதான்.

இந்தப் பயணத்துக்கு 150 சரி. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும்; பத்து நிமிட நடையில் அது போய்விடும். வழியில் காற்று அடித்தால் மேலே மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும். உச்சிக்கு வேண்டிய சூடு பைக்குள் காய்ந்தபடி இருக்கும் தடித்த ஜாக்கெட்டிலிருந்து வரட்டும். நின்றவுடனே, உடல் ஆறுவதற்கு முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எண் தவறிவிட்டதா என்று நடக்கும்போதே சோதிக்கலாம். அரை மணி நேரம் கழித்துப் பையைக் கழற்றி இடுப்புக்கு மேலே முதுகைத் தொட்டுப் பாருங்கள். துணி தோலோடு ஒட்டி, காற்றுப் பட்டதும் சில்லென்று இருந்தால் சூடு அதிகம். முதலில் மேலடுக்கைக் கழற்றுங்கள். பேஸ் லேயர் மட்டும் இருக்கும்போதும் அப்படியே ஒட்டினால் ஜிஎஸ்எம்தான் அதிகம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கேமராவோடு ஓரிடத்தில் பறவைக்காகக் காத்திருப்பது, உறைந்த ஏரியில் தூண்டில் போட்டு உட்கார்வது, கூடாரத்தில் தூங்குவது போன்றவற்றுக்கு 150 பற்றாது. 200 முதல் 260 வரை வேண்டும். ஓடுவதும் நிற்பதும் மாறி மாறி வரும் பனிச்சறுக்குக்கு 200-க்குப் பக்கத்தில் பார்க்கலாம். கால்களுக்குச் சட்டையைவிட ஒரு படி மெல்லியதே போதும். நடக்கும்போது பெரிய தசைகள் அங்கேதான் வேலை செய்கின்றன.

எல்லாக் குளிரையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது

மைனஸ் 15-இல் வறண்ட காற்று தாங்கக்கூடியதாக இருக்கும்; தூறலோடு 3 டிகிரி ஆளை வாட்டிவிடும். ஈரக்குளிரில் நனைந்த கம்பளி காயவே காயாது. அங்கே ஒரு 260-க்குப் பதில் இரண்டு 150 கொண்டு போவது நல்லது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம், ஏற்றத்தில் ஒன்றைக் கழற்றலாம், ஒன்று நனைந்தால் மற்றது காய்ந்திருக்கும். புழுக்கமான வெப்பத்துக்கு 120 முதல் 150 வரை, கொஞ்சம் தளர்வாக. அங்கே எந்தத் துணியிலும் வியர்வை மெதுவாகத்தான் காயும், கம்பளியில் இன்னும் மெதுவாக. அதன் லாபம் நாற்றம் குறைவது.

எண்ணையே சூடு என்று நினைப்பது

ஜிஎஸ்எம் சொல்வது கம்பளியின் அளவை. சூட்டைத் தருவது அதில் சிக்கி நிற்கும் காற்று. ஒரே 200 ஜிஎஸ்எம்மில் தட்டையாக இறுக்கிப் பின்னிய துணியும் கிடைக்கும், கட்டம் கட்டமாக மேடுபள்ளத்தோடு பின்னியதும் கிடைக்கும். இரண்டாவது, மேலே ஓர் அடுக்கு இருக்கும்போது தெளிவாகவே அதிகச் சூடு தரும். தனியாகப் போட்டால் காற்று அதன் வழியே எளிதில் புகும்.

மைக்ரான் எண்ணையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இழையின் பருமன். 17.5 மைக்ரான் தோலுக்கு மிருது, 20-ஐத் தாண்டினால் சிலருக்கு அரிக்கும். அது சூட்டின் அளவு இல்லை. அட்டையில் "எடை 210 கிராம்" என்று இருந்தால் அது முழுச் சட்டையின் எடையாக இருக்கலாம். நடுத்தர முழுக்கைச் சட்டை என்றால் 1.3 ஆல் வகுத்தால் 160 ஜிஎஸ்எம் அளவில் வரும்.

அளவும் இந்த எண்ணை மாற்றும். இறுக்கமாக வாங்கி, உடம்பில் துணி இரு பக்கமும் 10 சதவீதம் இழுபட்டு நின்றால் 150 ஜிஎஸ்எம் சட்டை 124 போலத்தான் வேலை செய்யும். தோலைத் தொட வேண்டும், நூல் இழுபடக் கூடாது. வெந்நீரில் துவைத்து இரு பக்கமும் 5 சதவீதம் சுருங்கினால் அதே 150 ஏறக்குறைய 166 ஆகிவிடும். சட்டை தடித்ததைவிடக் கை குட்டையானதுதான் முதலில் கண்ணில் படும்!

மெல்லியதைப் பைக்கு அடியில் போட்டுத் தேய்ப்பது

150-க்குக் கீழே உள்ள சுத்தக் கம்பளி, பைப் பட்டி உரசும் தோளிலும் இடுப்புப் பட்டை அழுத்தும் இடத்திலும் முதலில் ஓட்டை விடும். வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த இடங்களில் உள்ளங்கைக் கோடு தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் கனத்த பைக்கு அது தாங்காது. நைலான் இழையைச் சுற்றிக் கம்பளியை நூற்ற வகை, 10 முதல் 15 சதவீதம் நைலானோடு, இதே எடையில் நெடுநாள் உழைக்கும், சீக்கிரமும் காயும்.