சந்தை விலைத் துணுக்கை அட்டவணையாக்கும்போது வரிசை எங்கே நழுவுகிறது

பாவூர்சத்திரம், நெல்லை நயினார்குளம் சந்தைகளின் காய்கறி விலை நாளிதழில் ஒரு மூலையில் வரும். பெரும்பாலும் இரண்டு விரல் அகலப் பத்திதான். அதற்குள் பெயரும் விலையும் அடங்காது. அதனால் பெயர் இரண்டாக உடைந்து கீழே இறங்கும், விலையும் சில இடங்களில் உடையும். இந்தத் துணுக்குகளைச் சேர்த்து எக்செலில் ஏற்றுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: அச்சில் இருக்கும் ஒரு வரியை அட்டவணையின் ஒரு வரிசை என்று எடுத்துக்கொள்வது.

கீழே இருப்பது நானே அமைத்த மாதிரி. விலைகள் கற்பனை. ஆனால் உடைந்திருக்கும் விதம் அச்சில் பார்ப்பதுதான்.

```
கத்தரிக்
காய் (வெள்ளை)   30-
                35
(பச்சை)         22
பல்லாரி         28-32
சிறிய
உள்ளி           45
முருங்கை        10-12
சேம்பு          -
வாழைக்
காய் (1)        6
```

பதினோரு வரி இருக்கிறது, பொருள் ஏழுதான். இங்கே பலர் செய்யும் வேலை, பெயர்களைத் தனியாகவும் விலைகளைத் தனியாகவும் நகலெடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது. பெயர்ப் பக்கம் பத்து வரி, விலைப் பக்கம் எட்டு வரி. மேலிருந்து வரிசையாகச் சேர்த்தால் பச்சைக் கத்தரிக்கு 22, பல்லாரிக்கு 28-32 என்று சரியாகவே வரும். அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடும். அதற்குக் கீழேதான் கோளாறு. 'சிறிய' என்ற அரைப் பெயர் 45-ஐ வாங்கிக்கொள்ளும், உள்ளிக்கு 10-12 போய்விடும், சேம்புக்கு 6 ரூபாய் ஆகிவிடும், வாழைக்காய்க்கு ஒன்றுமே மிஞ்சாது. முதல் வரியே தப்பாக இருந்தால் உடனே கண்ணில் படும். நடுவில் நழுவுவது படாது. அதனால் பெயரையும் விலையையும் எந்தக் கட்டத்திலும் பிரிக்காதீர்கள்.

ஸ்கேன் செய்து மென்பொருளில் எழுத்தைப் பிரித்தெடுப்பவர்களுக்கும் இதே கதைதான். துணுக்கில் மூன்று பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முழுப் படத்தையும் அப்படியே கொடுக்கக் கூடாது. சில நேரம் மூன்று பத்தியையும் ஒரே வரியாக இடமிருந்து வலமாக வாசித்துவிடும். சில நேரம் பெயர்களை ஒரு பத்தி, விலைகளை இன்னொரு பத்தி என்று அதுவே பிரித்துவிடும். படத்தை முதலில் பத்தி பத்தியாக, பெயரும் விலையும் சேர்ந்திருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேன் 300 டிபிஐ-க்குக் குறையாமல் இருக்கட்டும். அப்புறம் டெசராக்டில் ஒவ்வொரு பத்தியையும் தனியாக இப்படி ஓட்டலாம்:

```
tesseract pathi1.png pathi1 -l tam --psm 6 -c preserve_interword_spaces=1
```

`--psm 6` என்றால் படம் முழுவதும் ஒரே கட்டமான எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். கடைசியில் இருப்பது பெயருக்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளியை விட்டுவைக்கும். இதற்குப் பிறகும் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் அது வாசிக்கக்கூடும். எண்களைக் காகிதத்தோடு ஒருமுறை ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

இனி உடைந்த வரிகளைச் சேர்ப்பது. தமிழில் இதற்கு நல்ல தடயம் ஒன்று உண்டு. வரி 'க்' என்று ஒற்றில் முடிந்தால் சொல் முடியவில்லை என்று அர்த்தம்: கத்தரிக், வாழைக், முட்டைக். அடுத்த வரியை இழுத்து ஒட்டிவிடலாம். 'சிறிய' போன்ற வரிக்கு அந்தத் தடயம் கிடையாது, ஆனால் பக்கத்தில் விலையே இல்லை. விலை இல்லாத வரி பாதிப் பெயராகத்தான் இருக்கும். விலை பெயரின் கடைசி வரியில் நிற்கிறதா முதல் வரியிலா என்பதை இரண்டு மூன்று உடைந்த பெயர்களைப் பார்த்துத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். இந்த மாதிரியில் கடைசி வரியில் நிற்கிறது. கோட்டில் முடியும் விலைக்கு மீதி கீழே இருக்கும். ஆகவே 30-, 35 என்பது இரண்டு விலையல்ல, 30 முதல் 35 வரை.

அடைப்புக்குறிதான் ஏமாற்றுப் பேர்வழி. '(பச்சை)' என்பது மேலே உள்ள கத்தரிக்காயின் வகை. அதைத் தனியாக விட்டால், பிறகு அகரவரிசைப்படுத்தும்போது பச்சை ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம் என்று பிரிந்து, எதன் பச்சை என்று யாருக்கும் தெரியாமல் போகும். பொருளின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதிவிடுங்கள். ஆனால் '(1)' வகையல்ல, அலகு. தலைப்பில் 'கிலோ விலை' என்று இருந்தாலும் வாழைக்காயைக் காய்க் கணக்கிலும் வாழைப்பழத்தைத் தார்க் கணக்கிலும் போடுவார்கள். சந்தேகம் வந்தால் கமிஷன் கடையில் கேட்பதே சுலபம். "அண்ணாச்சி, வாழைக்கா ஆறு ரூவான்னு போட்டிருக்காவளே, கிலோவா?" என்றால் "காய் ஒண்ணுக்கு தம்பி, கிலோ ஆறு ரூவாய்க்கு எவன் குடுப்பான்?" என்று பதில் வந்துவிடும்.

சேம்புக்கு எதிரே உள்ள கோடு, அன்று விலை குறிக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது. அங்கே 0 போட்டால் மாதச் சராசரி அநியாயத்துக்குக் கீழே இறங்கும். வெறுமையாக விடுங்கள், எக்செல் சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது.

முருங்கையின் 10-12 இன்னொரு வில்லங்கம். அதை அப்படியே ஒரே கட்டத்தில் தட்டினால் எக்செல் தேதியாக்கிவிடும், டிசம்பர் 10 என்றோ அக்டோபர் 12 என்றோ. பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக மாற்றினாலும் 10-12 திரும்பி வராது, ஐந்து இலக்க எண் ஒன்று வந்து நிற்கும். 28-32 அப்படி மாறாது என்பதால், பட்டியலில் சில கட்டங்கள் மட்டும் கெட்டிருக்கும். குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் தனித்தனிப் பத்தி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஒரே விலை இருந்தால் இரண்டிலும் அதையே போடலாம்.

```
பொருள்,வகை,அலகு,குறைவு,கூடுதல்
கத்தரிக்காய்,வெள்ளை,கிலோ,30,35
கத்தரிக்காய்,பச்சை,கிலோ,22,22
பல்லாரி,,கிலோ,28,32
சிறிய உள்ளி,,கிலோ,45,45
முருங்கை,,கிலோ,10,12
சேம்பு,,கிலோ,,
வாழைக்காய்,,எண்ணம்,6,6
```

இதற்கு முன்னால் நாளுக்கும் சந்தைக்கும் இரண்டு பத்தி வேண்டும். துணுக்கை வெட்டியதும் தேதி காகிதத்தோடு போய்விடும், ஆகவே வெட்டும் முன்பே ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். காலை நாளிதழில் வருவது பெரும்பாலும் முந்தின நாள் விலை. நாளிதழ்த் தேதியா சந்தைத் தேதியா, ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே வைத்துக்கொள்வது நல்லது.

வரிசை நழுவியிருக்கிறதா என்று பார்க்க, முந்தைய நாளின் விலைப் பத்தியைப் பக்கத்தில் வையுங்கள். காய்கறி ஒரே நாளில் மூன்று நான்கு ரூபாய் ஏறி இறங்குவது சாதாரணம். ஆனால் ஒரு குறிப்பிட்ட வரிசைக்குக் கீழே எல்லாமே தாறுமாறாக மாறியிருந்து, இன்றைய உள்ளி விலை நேற்றைய முருங்கை விலையைப் போல இருந்தால் அது சந்தையின் ஏற்ற இறக்கம் அல்ல. மாற்றம் தொடங்கும் வரிசையிலேயே உடைந்த பெயர் ஒன்று மாட்டும். சங்கரன்கோவில் பூச் சந்தை விலைக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. முகூர்த்த நாளுக்கு முன்னால் மல்லிகையும் பிச்சியும் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிடும். பூப் பட்டியலைக் காகிதத்தில் விரல் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.