சாட்பாட்டின் மறைவான அறிவுறுத்தலில் ரகசியம் வைக்காதீர்கள்

நீங்கள் உருவாக்கும் சாட்பாட்டுக்கு, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பயனர் கண்ணில் படாமல் முன்கூட்டியே தரும் மறைவான அறிவுறுத்தலை, நாளை யாரோ படம்பிடித்துப் பகிரப்போகிறார்கள் என்று எண்ணியே எழுதுங்கள். கடவுச்சொல், ஏபிஐ சாவி, உள்விலை எதுவும் அதில் வேண்டாம்.

காரணம் எளிது. உங்கள் அறிவுறுத்தலும் பயனர் தட்டச்சு செய்வதும் சாட்பாட்டை இயக்கும் மொழி மாடலுக்கு ஒரே நீண்ட உரையாகத்தான் போய்ச் சேர்கின்றன. நடுவில் சுவர் இல்லை. "இதை வெளியிடாதே" என்பதும் அந்த உரையில் இன்னொரு வரிதான். 2023 பிப்ரவரியில், முந்தைய அறிவுறுத்தல்களைப் புறக்கணித்துவிட்டு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லச் சொல்லியே, மைக்ரோசாப்டின் பிங் சாட்டிடமிருந்து 'சிட்னி' என்ற உட்பெயரை ஒரு ஸ்டான்ஃபோர்டு மாணவர் வெளிக்கொணர்ந்தார். பதிலில் அறிவுறுத்தலின் அதே சொற்கள் வந்தால் தடுக்கும் வடிகட்டியும் அரைகுறைதான்: பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தரக் கேட்டால் கோட்டைவிட்டுவிடும்.

ஆகவே, "20% வரை தள்ளுபடி தரலாம், வாடிக்கையாளரிடம் சொல்லாதே" என்று எழுதாதீர்கள். தள்ளுபடியைச் சர்வரில் உள்ள நிரல் கணக்கிடட்டும். மாடலுக்கு இறுதி விலை மட்டும் போகட்டும். தெரியாததை அது உளற முடியாது.

அறிவுறுத்தலில் பேச்சுத்தொனியும் வணக்க வரியும் மட்டுமே இருந்தால் இந்தப் பாடு தேவையில்லை. விடையை மாடலே தெரிந்துவைத்திருக்க வேண்டிய புதிர் விளையாட்டுக்கு இந்த வழி பொருந்தாது.