சைஸ் சார்ட்டில் 40 என்று எழுதினால் அது யாருடைய 40?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் வீட்டிலிருந்தே காட்டன் குர்த்தி தைத்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். துணி ஈரோட்டுச் சந்தையிலிருந்து வரும், ஆர்டர் மலையாளத்திலும் வரும், தமிழிலும் வரும். ரிட்டர்ன் வருவதற்கான காரணம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்: "L போட்டேன், கையைத் தூக்க முடியவில்லை."

தையல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறு சைஸ் சார்ட்டில் இருக்கும். S 36, M 38, L 40, XL 42 என்று நாலு எண் போட்டுவிடுகிறோம். அந்த 40 உடம்பின் அளவா, உடையின் அளவா என்று எழுதுவதில்லை. சிலர் உடம்பின் அளவைப் போடுகிறார்கள், சிலர் தைத்து முடித்த குர்த்தியின் அளவைப் போடுகிறார்கள். வாங்குகிறவருக்கு இது தெரியாது. தன் மார்புச் சுற்றளவு 40 என்று டேப் காட்டினால் நேராக L எடுத்துவிடுவார். குர்த்தியும் 40 என்றால், மூச்சு விடவும் கையை நீட்டவும் அதில் இடமே இல்லை. பனியன் துணி என்றால் இழுத்துக்கொடுக்கும், நெய்த காட்டன் கொடுக்காது.

அதனால் சார்ட்டில் இரண்டு வரிசை வேண்டும். ஒன்று உடம்பின் அளவு, இன்னொன்று உடையின் அளவு. சாதாரண நேர்வெட்டுக் காட்டன் குர்த்திக்கு உடம்பைவிட மார்பில் 3 இன்ச் லூஸ் வைத்தால் தினமும் போட வசதியாக இருக்கும். அப்படி வைத்தால் L சைஸை இப்படி எழுதலாம்:

உங்கள் மார்புச் சுற்றளவு: 39 முதல் 40 இன்ச்
குர்த்தியின் மார்புச் சுற்றளவு: 43 இன்ச்

உடம்பின் அளவை ஒற்றை எண்ணாகப் போடாமல் "39 முதல் 40" என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். 38, 40 என்று மட்டும் போட்டால் 39 உள்ளவர் எதை எடுப்பது? ஏதோ ஒன்றை எடுப்பார், அது சரியாக இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்.

உடையின் அளவை எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பாதிப்பேர் வீட்டில் டேப் இருக்காது, இருந்தாலும் தன் உடம்பைத் தானே அளக்கும்போது டேப் முதுகுப் பக்கம் இறங்கிவிடும். ஆனால் நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய குர்த்தி எல்லோரிடமும் இருக்கும். அதைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து, இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். 21½ வந்தால் 43, அதாவது L. இந்த முறையை சார்ட்டுக்குக் கீழேயே எழுதிவிட்டால் "எந்த சைஸ் எடுக்க?" என்ற கேள்வியே பாதி குறைந்துவிடும். நீங்களும் அதே இடத்தில்தான் அளந்திருக்க வேண்டும். அக்குளுக்கு ஓர் இன்ச் கீழே அளந்துவிட்டு, அவரை அக்குளிலேயே அளக்கச் சொன்னால் இரண்டு கணக்கும் ஒத்துவராது.

அடுத்தது துவைப்பு. புதுத்துணியை நனைக்காமல் வெட்டித் தைத்து, அந்த அளவையே சார்ட்டில் போடுவது பெரிய தவறு. 43 இன்ச் குர்த்தி 3 சதவீதம் சுருங்கினால் 41.7 ஆகிவிடும். 3 இன்ச்சாக வைத்த லூஸ் முதல் துவைப்பிலேயே 2 இன்ச்சுக்குள் வந்துவிடும். உயரவாட்டில் பெரும்பாலும் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். இதைச் சோதிப்பது சுலபம். துணியில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் ஒரு சதுரம் வரைந்து, வாங்குகிறவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி அளந்து பாருங்கள். 48.5 வந்தால் 3 சதவீதம் சுருக்கம். சாயம் மாறினாலும், வாங்கும் கடை மாறினாலும் மறுபடி பார்க்க வேண்டும். துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுவது நல்லது. முடியாதென்றால், துவைத்த பிறகு வரும் அளவையே சார்ட்டில் எழுதி, "முதல் துவைப்புக்கு முன் சற்று லூஸாக இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

இனி, சார்ட்டுக்குக் கீழே எழுதும் குறிப்பு. "எல்லோருக்கும் பொருந்தும்", "சரியான சைஸ்" என்பதெல்லாம் யாருக்கும் உதவாது. அந்த உடை எந்த இடத்தில் பிடிக்கும் என்பதை எழுத வேண்டும். காட்டன் குர்த்தியில் மார்புக்கு அடுத்தபடி பிடிக்கிற இடம் மேல்கை. கையின் சுற்றளவு 14 இன்ச், குர்த்தியின் கைச் சுற்றளவும் 14 என்றால் கை உள்ளே போகும், மடக்க முடியாது. ஒன்றரை இன்ச்சாவது கூடுதல் வேண்டும். ஆனால் பல சார்ட்டுகளில் மேல்கை என்ற வரிசையே இருப்பதில்லை. மார்பு, இடுப்பு, உயரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

மார்புக்கு L, பின்புற அளவுக்கு XL என்று வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் எதை எடுப்பது என்று குறிப்புதான் சொல்ல வேண்டும். ஸ்லிட் உயரமாகவே தொடங்கினால் மார்பு அளவைப் பார்த்து எடுத்தால் போதும், கீழே விரிந்துகொள்ளும். ஸ்லிட் இல்லாத நேர்வெட்டு என்றால் பெரிய அளவைத்தான் எடுக்க வேண்டும். ஸ்லிட் தோளிலிருந்து எத்தனை இன்ச்சில் தொடங்குகிறது என்று ஒரு எண் போட்டுவிட்டால் அவரே முடிவு செய்துகொள்வார்.

போட்டோவில் போட்டுக்காட்டுகிறவரின் அளவையும் எழுதுங்கள். "உயரம் 5 அடி 3 அங்குலம், மார்பு 36, போட்டிருப்பது S" என்றால் போதும். பின்னால் க்ளிப் போட்டு இறுக்கிப் படம் எடுத்துவிட்டு அதை எழுதாமல் விட்டால், வீட்டுக்கு வரும் குர்த்தி தொளதொள என்று இருப்பதாகத்தான் தோன்றும்.

நம் பக்கத்தில் பலரும் சின்ன வித்தியாசத்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்காக, உள்ளே எவ்வளவு மார்ஜின் விட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத் தையலிலும் அரை இன்ச் வெளியே தள்ளித் தைத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுற்றளவில் 2 இன்ச் கூடும். மேல்கைத் தையலிலும் அதே மார்ஜின் இருந்தால்தான் இது முழுதாகப் பயன்படும். பழைய தையல் ஓட்டை வெளிர் நிறத்தில் தெரியாது, கருநீலத்தில் தெரியும். அதையும் சொல்லிவிடுங்கள். ஓணத்துக்கு எடுத்த உடை என்றால், மாற்றுச் சைஸ் வந்து சேர்வதற்குள் ஓணமே முடிந்துவிடும், டெய்லர் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடுப்பார்.

திரும்பி வரும் ஒவ்வொன்றுக்கும் "டைட்" என்று மட்டும் நோட்டில் எழுதாதீர்கள். எங்கே டைட், எந்த சைஸ், எந்த வெட்டு என்று கேட்டு எழுதுங்கள். ஒரே வெட்டில் மூன்று பேர் மேல்கையைச் சொன்னால், இருக்கிற ஸ்டாக்குக்கு "மேல்கை பிடிப்பாக இருக்கும், உங்கள் கைச் சுற்றளவு 13 இன்ச்சுக்கு மேல் என்றால் அடுத்த சைஸ் எடுங்கள்" என்று அன்றைக்கே குறிப்பில் சேர்த்துவிட்டு, அடுத்த வெட்டில் கையை ஓர் இன்ச் அகலப்படுத்தச் சொல்லுங்கள்.