கடைக்காரருக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அனுப்பலாமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் சரக்கு அனுப்புகிறீர்கள் என்று வைப்போம். வாட்சப்பில் அவரே `sari thambi, anupunko` என்று எழுதினால், நீங்களும் அப்படியே பதில் போடலாம். அது அவருக்குப் பழகிய வழி. ஆனால் முதல் தகவலைத் தமிழ் எழுத்திலேயே தொடங்குங்கள். அவர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பார்த்து முடிவெடுக்கலாம்.

பழகியவரென்றாலும் திகதி, விலை, அளவு, பாக்கி வரும் வரிகளை மட்டும் தமிழில் எழுதுவது நல்லது. `saman nalaikku varathu` என்ற வரியைப் பாருங்கள். எங்கள் பேச்சில் இது 'வாறது' என்றும் இருக்கலாம், 'வராது' என்றும் இருக்கலாம். அவசரத்தில் நெடிலுக்கு இரண்டாவது `a` போட யாரும் மினக்கெடுவதில்லை. சரக்கு வராது என்று நினைத்து அவர் வேறு ஆளிடம் வாங்கிவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை.

எஸ்.எம்.எஸ். என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 தான், அதிலும் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். பலருக்கு ஒரேயடியாக அனுப்பும்போது இது காசு. அப்போதும் ஆங்கில எழுத்துக்குப் போகாமல், 'சரக்கு 12ஆம் திகதி வரும்' என்று சுருக்கமாகத் தமிழில் எழுதிப் பாருங்கள், 70க்குள் அடங்கிவிடும்.