மேசை இழுப்பறையில் இருந்த அடாப்டர்களுக்குப் பெயர் எழுதிய விதம்

மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டு இழுப்பறையில் இருந்தவற்றில் என்னை மிகவும் கவலைப்படுத்தியவை, உருண்டை முனை கொண்ட கருப்பு அடாப்டர்களே. வைஃபை ரூட்டரின் முனையும் அம்மாவின் ரத்த அழுத்தக் கருவியின் முனையும் ஒரே பருமன். ஆனால் முன்னது 12 வோல்ட், பின்னது 6 வோல்ட். மாற்றிச் செருகினால் அழுத்தக் கருவி கருகிப்போகலாம். ரூட்டரோ உயிர்பெறாமல் கிடக்கும், அதைப் பழுதென்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவோம்.

ஆகவே, ஒவ்வொரு கருவியின் அடியில் அச்சிட்டிருப்பதையும் அடாப்டரின் 'அவுட்புட்' வரியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். வோல்ட் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் கருவி கேட்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும், கூடுதலானால் தீங்கில்லை. நடுப்புள்ளியைக் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு இணைத்துக் காட்டும் சிறு படமும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒத்துப்போனவற்றில் "ரூட்டர், 12 வோல்ட், 1 ஆம்பியர்" என்பதுபோல் எழுதிய காகிதத்தை, முனைக்கு அருகே வயரில் கொடிபோல் மடித்து, மேலே ஒளிபுகும் டேப்பை ஒட்டினேன். அடாப்டரின் உடல் சூடாவதால் அங்கே ஒட்டினால் பசை இளகிவிடும்.

எழுத்து அழிந்த கனமான பழைய அடாப்டர் ஒன்றை மல்டிமீட்டரில் வைத்தபோது 13 வோல்ட் காட்டியது. மின்மாற்றி வகை அடாப்டர்கள் எந்தக் கருவியும் இணைக்கப்படாதபோது கூடுதலாகவே காட்டும் என்பதால், அந்த எண்ணை நம்பி எதிலும் செருகாமல், "தெரியவில்லை" என்று எழுதித் தனி உறையில் வைத்திருக்கிறேன்.