டிக்கெட் வரிசையில் புதிதாக உட்காருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளையும் கார்ட் கட்டண வசதியையும் விற்கும் ஒரு சிறிய நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வாடிக்கையாளர் சப்போர்ட்டுக்கு வந்து சில நாட்களே ஆன இன்டர்ன் திரையைத் திறக்கிறார். கடைக்காரர்கள் எழுதி அனுப்பும் ஒவ்வொரு முறைப்பாடும் கேள்வியும் அங்கே ஒரு டிக்கெட். வார இறுதியிலும் இன்று காலையிலும் வந்தவற்றில் நான்கு டிக்கெட்டுகள் மேலே நிற்கின்றன.

மருதானை ஹார்ட்வெயார் கடைக்காரர்: "மூன்றாம் தரம் எழுதுகிறேன்!!! உடனே பாருங்கள்!!!" பில்லின் தலைப்பில் கடையின் லோகோ பாதியில் வெட்டுப்படுகிறதாம். அவரே 'மிக அவசரம்' என்று போட்டிருக்கிறார்.

வெள்ளவத்தை துணிக்கடை: "வணக்கம். நேரம் கிடைக்கும்போது பார்க்கவும். ஞாயிறு பின்னேரம் ஒரு வாடிக்கையாளரின் கார்டில் ரூபா 4,850 இரண்டு தரம் கழிந்ததாகச் சொல்கிறார். நன்றி."

கொட்டாஞ்சேனை பேக்கரி: "நேற்றைய நாள் முடிவு அறிக்கையும் கார்ட் கணக்கும் ஒத்துவரவில்லை. எங்கே பார்ப்பது?"

தெஹிவளை மருந்துக்கடை: "புதுக் கேஷியருக்கு பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேணும்."

புதியவர்களில் பெரும்பாலானோர் முதலில் தொடுவது மருதானையை. கோபமாக எழுதியவரைக் காக்க வைக்கப் பயம். வரிசையைக் குழப்புகிற முதல் தவறு இதுதான்: வாடிக்கையாளரின் குரலின் சூட்டையே அவசரத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. டிக்கெட்டில் வாடிக்கையாளர் தெரிவுசெய்த அவசர நிலை அவருடைய மனநிலையைச் சொல்லும், அதற்கு மேல் அதிகம் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இதனால் யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன போகிறது? எத்தனை மணிக்குப் பிறகு இதைச் சரிசெய்தாலும் பயனில்லை? முதலாவது தாக்கம், இரண்டாவது காலம். இரண்டையும் சேர்த்துத்தான் முன்னுரிமை போட வேண்டும்.

இப்படிப் பார்த்தால் வெள்ளவத்தையின் பணிவான நான்கு வரிகள் மேலே ஏறிவிடும். அங்கே பணம் போகிறது. அதுவும் கடைக்காரரின் பணமில்லை, அவரை நம்பி கார்டை நீட்டிய ஒருவரின் பணம். காரணம் தெரியும்வரை இன்று கடை திறந்ததும் இன்னும் பலருக்கு அப்படி நடக்கலாம். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள், குறிப்பாக வயதானவர்கள்: பெரிய சேதத்தையும் "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்குவார்கள். தலைப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துகிறவரிடம் அவர்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்பார்கள்.

இரண்டாவது தவறு, ஒவ்வொரு டிக்கெட்டையும் தனித்தனியாக வாசிப்பது. பேக்கரியின் கேள்வி வெறும் அறிக்கைக் கேள்வி போலத்தான் இருக்கிறது. உதவிப் பக்கத்தின் இணைப்பை அனுப்பி மூடிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் கார்ட் கட்டணம். ஒருவருக்கு இரண்டு தரம் கழிந்திருந்தால் அந்தக் கடையின் நாள் முடிவுக் கணக்கும் ஒத்துவராது. ஆகவே பதில் எழுதத் தொடங்குமுன் வரிசை முழுவதையும் ஒருக்கா மேலோட்டமாக வாசியுங்கள், பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. ஒரே நாள், ஒரே வசதி, ஒரே வகைக் கார்ட் என்று எது மறுபடி வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றென்று கண்டுபிடித்த உற்சாகத்தில் இரண்டு கடைகளின் டிக்கெட்டுகளையும் 'மெர்ஜ்' செய்துவிட வேண்டாம். ஒரே ஆள் இரண்டு தரம் எழுதியதைச் சேர்க்கத்தான் அந்தப் பொத்தான். வேறு வேறு ஆட்களின் டிக்கெட்டுகளை அப்படிச் சேர்த்தால், சில மென்பொருள்களில் இருவருமே ஒரே உரையாடலுக்குள் வந்துவிடுவார்கள். ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும் கணக்குவழக்கும் மற்றவரின் கண்ணில் படும். மூலப் பிரச்சினைக்கு ஒரு டிக்கெட் திறந்து, மற்ற இரண்டையும் அதனோடு இணைத்து, தனித்தனியாகப் பதில் எழுதுவதுதான் முறை.

ஆக இந்தக் காலையின் ஒழுங்கு இப்படிப் போகும். வரிசையை வாசித்து முடித்த முதல் இரண்டு நிமிடத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இரண்டையும் காட்டி டீம் லீடிடம் சொல்வது: "அக்கா, கார்ட் இரண்டு தரம் கழியிற மாதிரி ஒரு கேஸ் இருக்கு. இன்னொரு கடையும் சேரும்போல. ஒருக்கா பாருங்கோ." கட்டணப் பிரிவுக்கு அது போய்ச் சேர்ந்ததும், துணிக்கடைக்கு முதல் பதில். அடுத்தது தெஹிவளை. பாஸ்வேர்ட் பொதுவாகக் கீழ் வரிசைச் சங்கதிதான், ஆனால் அதற்கு ஒன்பது மணி என்ற எல்லை இருக்கிறது, வேலையும் சில நிமிடம்தான். பிறகு பேக்கரி, அதன்பின் மருதானை. பாஸ்வேர்ட் மாதிரி எளிதான டிக்கெட்டுகளாகப் பொறுக்கி மூடி, மதியத்துக்குள் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். தெஹிவளைக்கு முன்னுரிமை கிடைத்தது அது எளிது என்பதால் இல்லை, கடிகாரத்தால்.

இனிப் பதில். வெள்ளவத்தைக்குப் புதியவர் ஒருவர் எழுதக்கூடியது இது:

"அன்பான வாடிக்கையாளரே, ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். இது வங்கிப் பக்கத்துப் பிரச்சினையாக இருக்கலாம். மேலதிகமாகக் கழிந்த பணம் விரைவில் திருப்பித் தரப்படும். கார்ட் இலக்கம், திகதி, தொகை ஆகியவற்றை அனுப்பவும்."

மரியாதையான கடிதம்தான். ஆனால் முதல் வரியைத் தாண்டினால் ஒவ்வொரு வரியிலும் வில்லங்கம் இருக்கிறது. வங்கியைச் சொன்னது ஊகம். நாளைக்குத் தவறு எங்கள் மென்பொருளில் என்று வந்தால் இந்த வரியை அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். 'விரைவில்' என்பது அவருக்கு இன்று, உங்களுக்கு இந்த வாரம், வங்கிக்கு வேறொன்று. திகதியையும் தொகையையும் அவர் ஏற்கனவே எழுதியிருக்கிறார். மறுபடி கேட்டால், நீங்கள் வாசிக்கவில்லை என்பதுதான் அவருக்குப் புரியும். கார்ட் இலக்கத்தைக் கேட்டது எல்லாவற்றிலும் மோசம். முழு இலக்கம் டிக்கெட்டில் வந்து விழுந்தால், அதைப் பார்க்க உரிமையுள்ள அத்தனை பேரின் திரையிலும் அது இருக்கும். கேட்காமலே யாராவது அனுப்பினால்கூட, டீம் லீடிடம் சொல்லி அதை மறைக்கச் செய்ய வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற வாக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்டில் 'இரண்டு தரம்' என்று தெரிவது எப்போதும் இரண்டு தரம் எடுக்கப்பட்ட பணமாக இருக்காது. வங்கி முதலில் தொகையை ஒதுக்கி வைக்கும். பிறகுதான் அது கடையின் கணக்குக்குப் போகும். உதாரணமாக, வங்கியின் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்து, திரையில் 'தோல்வி' என்று காட்டி, கேஷியர் கார்டை மறுபடி போட்டால், கார்டுக்காரருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகலாம். ஆனால் அதில் ஒன்று வெறும் ஒதுக்கீடாகவே நின்றுவிட்டிருக்கலாம். அப்படியானால் திருப்பித் தர எங்களிடம் பணமே இல்லை. வங்கிதான் அதை விடுவிக்க வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். இரண்டும் முடிந்த கட்டணங்களாக இருந்தால்தான் ஒன்றைத் திருப்பலாம். எது என்று கட்டணப் பிரிவின் அறிக்கையில் தெரியும். அதைப் பார்க்குமுன் வாக்கைக் கொடுக்கக்கூடாது.

அதே பதிலை இப்படி எழுதலாம்:

"வணக்கம். ஞாயிறு பின்னேரம் உங்கள் வாடிக்கையாளரின் கார்டில் ரூபா 4,850 இரண்டு தரம் கழிந்ததாக எழுதியிருந்தீர்கள். எங்கள் கட்டணப் பிரிவு இப்போது இதைப் பார்க்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை.

இன்று கடையில் கார்ட் எடுக்கும்போது திரையில் 'தோல்வி' என்று வந்தால், மறுபடி போடுமுன் கட்டணப் பட்டியலில் அந்தத் தொகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்களுக்கு அந்த பில்லின் இலக்கம் மட்டும் போதும். கார்ட் இலக்கத்தையோ ஓடிபியையோ யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இன்று திங்கள் காலை 11.30க்குள், காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மறுபடி எழுதுகிறேன்."

இதில் மன்னிப்பே இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். ஒரு தரம் வருத்தம் தெரிவிப்பதில் பிழையில்லை. மூன்று தரம் எழுதினால்தான் வாசிப்பவர் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார். அவருக்கு வேண்டியது வேறு: தான் சொன்னது போய்ச் சேர்ந்ததா, இப்போது என்ன செய்வது, அடுத்த சொல் எப்போது. நேரத்தைச் சொல்லும்போது கிழமையையும் மணியையும் எழுதுங்கள். இரவு பன்னிரண்டரைக்கு அனுப்பும் பதிலில் 'நாளை' என்றால் எந்த நாள்? 'இரண்டு வேலைநாள்' என்று எழுதுமுன் இடையில் போயா வருகிறதா என்று கலண்டரைப் பாருங்கள். அன்று வங்கிகள் மூடியிருக்கும்.

பதினொன்றரை ஆகியும் கட்டணப் பிரிவிலிருந்து பதில் வரவில்லையென்றாலும் எழுதியே ஆக வேண்டும். "இன்னும் தேடுகிறோம், 2 மணிக்கு மறுபடி எழுதுகிறேன்" என்ற ஒரு வரி போதும். தகவல் கிடைக்கட்டும் என்று பின்னேரம்வரை பேசாமல் இருந்தால், அந்தப் பணிவான கடைக்காரரும் ஆச்சரியக்குறி போடத் தொடங்குவார்.

இங்கே யாரும் கவனிக்காத ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. பதில் அனுப்பியதும் டிக்கெட்டைப் பழக்கத்தில் 'பெண்டிங்' நிலைக்குத் தள்ளிவிடுவார்கள். பெண்டிங் என்றால் வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று பொருள். பல இடங்களில் அத்தோடு பதில் நேரக் கடிகாரமும் நின்றுவிடும், சில நாட்களில் டிக்கெட் தானாக மூடிக்கொள்ளவும் கூடும். துணிக்கடை பில் இலக்கத்தை அனுப்பிவிட்டதென்றால், அதன்பிறகு காத்திருப்பது கடைக்காரர்தான். அப்போது அது திறந்த நிலையில், யாராவது ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும்.

மருதானைக்கு வருவோம். லோகோ அவசரமில்லை என்பதால் அவர் கோபத்தில் விஷயமே இல்லை என்று ஆகாது. 'மூன்றாம் தரம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பழைய டிக்கெட்டுகளைத் திறந்தால் தெரிகிறது: இரண்டு முறையும் லோகோவின் அளவைக் குறைக்கச் சொல்லும் ஆயத்தப் பதிலைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அவருடைய பிரின்டர் 58 மில்லிமீட்டர் தாளில் அடிப்பது. பில் வடிவம் 80 மில்லிமீட்டருக்கு அமைந்திருக்கிறது. லோகோவை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. அவருக்கு எழுதும் முதல் வரியில் அமைதியாக இருங்கள் என்றோ, உங்கள் உணர்வு புரிகிறது என்றோ சொல்ல வேண்டாம். "முந்தைய இரண்டு தடவையும் லோகோவின் அளவை மாற்றச் சொன்னோம், அது சரியான தீர்வு இல்லை, தாளின் அகலத்தை மாற்ற வேண்டும்" என்று தொடங்கி, எங்கே மாற்றுவது என்று படிப்படியாக எழுதினால், அவரோடு சண்டை பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

இதை எழுதும்போது, பழைய பதில்களைப் பற்றி, டீமின் கண்ணுக்கு மட்டும் தெரியும் உள்குறிப்பில் நாலு வரி திட்ட ஆசை வரும். உள்குறிப்பும் வாடிக்கையாளருக்குப் போகும் பதிலும் பெரும்பாலும் ஒரே பெட்டியில், ஒரு 'டேப்' மாற்றத்தில்தான் எழுதப்படுகின்றன. அனுப்புமுன் பெட்டியின் நிறத்தைப் பாருங்கள். அதைவிட நல்லது, வாடிக்கையாளர் தற்செயலாக வாசித்தாலும் வெட்கப்படத் தேவையில்லாத மாதிரி உள்குறிப்பை எழுதுவது: "58 மி.மீ. பிரின்டர். பில் வடிவம் 80இல் இருந்தது. அளவு மாற்றும் ஆயத்தப் பதில் இவருக்குப் பொருந்தாது."